நாற்பது இட்லி

பாண்டர்கவடா தாண்டி ஒரு தாபாவில் வண்டியை ஓரங்கட்டும்போது ராத்திரி ஒன்பது மணி. சேலத்தில் ஏற்றிய ஜவ்வரிசி, நாக்பூரில் காலையில் இறக்கணும். ஸ்டவ் பெட்டியில்தான் இருக்கிறது, ஆனால் சமைக்க நேரமில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் கிளீனர் பையன் மணி ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணா, இந்தப் பருப்பு எத்தனை இட்லிங்?"

இது எங்கள் வண்டியில் ஓடும் கணக்கு. ரெண்டு வருஷம் முன்னால் நான் 84 கிலோ. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொல்லி டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். அதில் கலோரி, கிராம் என்று என்னென்னவோ போட்டிருந்தது. தாபாக்காரனிடம் போய் எத்தனை கிராம் என்றா கேட்க முடியும்? ஒரு இட்லி சுமார் 50 கலோரி என்ற ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இட்லியாக மாற்றிவிட்டேன். பரோட்டா ஒன்று ஆறு இட்லி. அவித்த முட்டை ஒன்றரை. சர்க்கரை போட்ட டீ ரெண்டு. நாளைக்கு நாற்பது தாண்டக்கூடாது. அப்படியே மெல்ல இறங்கி 76-இல் நின்றது, அங்கேயே நிறுத்தணும், அவ்வளவுதான் என் ஆசை.

பருப்புக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தேன். மேலே எண்ணெய் ஒரு விரல் ஒதுங்கியது. "பருப்பு நாலு, எண்ணெய் ரெண்டரை." எண்ணெயை ஓரமாக வடித்துவிட்டு, வெண்ணெய் தடவாத ரொட்டி ரெண்டு சொன்னேன், அது அஞ்சு. சோறு குவியலாக வந்தால் கரண்டியால் தட்டிப் பரப்பிவிட்டுத்தான் பார்ப்பேன், குவியல் கண்ணை ஏமாற்றும். லோடும் அப்படித்தானே. தேங்காய் நார் ஏற்றினால் மலை மாதிரி தெரியும், எடை இருக்காது. இரும்பு ஏற்றினால் பாடியில் பாதிகூட நிறையாது, ஸ்பிரிங் பட்டை அமுங்கிவிடும்.

என் கணக்கு துல்லியமாகச் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்பினாலும் தினமும் ஒரே மாதிரிதான் தப்பும், அதனால் எடை ஒரே இடத்தில் நின்றது. ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் சேலத்துக் குடோனில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன், அதே காலை நேரம், அதே லுங்கி பனியன். எடை மேடையில் நிற்பதில் பிரயோஜனமில்லை, லாரியோடு நிறுத்தால் என் ஒரு கிலோ அதற்குக் கண்ணிலேயே படாது.

அப்படி நின்றது மூணே டிரிப்பில் 76.2-இலிருந்து 77.5 ஆகிவிட்டது. முதலில் உப்புத் தண்ணீர் என்று நினைத்தேன், நாக்பூர் சாவ்ஜி குழம்பு சாப்பிட்டால் மறுநாள் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரெண்டு நாளில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. கணக்கோ நாற்பதுக்குள்தான். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

"அண்ணா, கடலையை எழுதறீங்களா?" என்றான் மணி.

"எந்தக் கடலை?"

"ராத்திரி தூக்கம் வராம இருக்க நான் கையில குடுத்துட்டே வர்றனே, அதுங்."

ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது. இருட்டில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. கண்ணால் பார்க்காததை எப்படி எடை போடுவேன்? பாக்கெட் 200 கிராம், அதில் பாதி எனக்கு. வறுத்த நிலக்கடலை 100 கிராம் என்றால் பதினொரு இட்லிக்குக் குறையாது. போக வர ஆறு ராத்திரி ஓட்டுகிறோம், அறுபத்தாறு. மூணு டிரிப்புக்கு 198. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, இட்லியில் 154. வகுத்துப் பார்த்தால் சரியாக அந்த ஒரு கிலோ சொச்சம் வந்து நிற்கிறது. இரும்பு லோடு!

"ஏன்டா, இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

அன்று ராத்திரி அவன் டீ கிளாஸில் பாதிக்குக் கடலை போட்டு, டாஷ்போர்டு விளக்கில் தூக்கிக் காட்டினான். "அஞ்சரைங்." நோட்டிலும் அவனே எழுதினான். அதற்கு ஈடாக மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்தேன்.

ஊர் திரும்பி அடுத்த லோடுக்குப் போனபோது தராசுக்காரர் சிரித்தார். "மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி." ஏறி நின்றேன். 77.4.

"இறங்கலையேங்கண்ணா" என்றான் மணி.

"ஏறலையே" என்றேன். அவன் கிளாஸைக் கழுவி டாஷ்போர்டில் கவிழ்த்துவைத்தான்.