வாசல் தெரிந்தவர்களுக்கு ஒரு பொங்கல் வாழ்த்து

எல்லாருக்கும் வணக்கம்.

விடிந்தால் தை பிறக்கிறது. இதை எழுதும்போது போகி இரவு மணி பத்தைத் தாண்டிவிட்டது. மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் இன்னும் யாரும் படுக்கவில்லை. எதிர்வீட்டில் வாசல் கழுவும் சத்தம் கேட்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி நிலைவாசலில் காப்புக் கட்டிவிட்டேன். கூரைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை நாலையும் சேர்த்து ஒரு கட்டு. கூரைப்பூவின் வெள்ளைத் துகள் இன்னும் தலைமுடியில் இருக்கிறது. கரும்பு இரண்டு கட்டு, தோகையோடு திண்ணையில் சாய்த்து வைத்திருக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கரும்பு, கணுவுக்குக் கணு நல்ல நீளம். மஞ்சள் கொத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவாமல் விட்டிருக்கிறேன். கழுவினால் அந்த வாசனை போய்விடும்.

மார்கழி முப்பது நாளும் நான் நாளுக்கு ஒரு கோலம் போட்டுப் படம் எடுத்துக் காட்டினேன். நீங்களும் படம் அனுப்பி உங்கள் வாசலைக் காட்டினீர்கள். உங்களில் பெரும்பாலோர் முகம் எனக்குத் தெரியாது. பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் உங்கள் வாசல் தெரியும். யார் வீட்டுப் படியில் ஓரத்துச் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது, யார் வீட்டு நாய் கோலத்தின் நடுவில்தான் படுக்கும், யார் காவியைக் கெட்டியாகக் கரைப்பார்கள், யார் தண்ணீராகக் கரைப்பார்கள், எல்லாம் தெரியும். ஒரு வீட்டு வாசலை முப்பது காலை பார்த்துவிட்டால் அந்த வீட்டாரை அந்நியர் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த வாழ்த்தை ஒரே வரியில் முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

துபாயிலிருந்து ஒரு தங்கை எவர்சில்வர் தட்டில் கோலம் போட்டு அனுப்பினாள். கதவுக்கு வெளியே எல்லாருக்கும் பொதுவான நடைபாதை, அங்கே மாவு சிந்தக் கூடாதாம். சரி என்று தட்டையே வாசலாக்கிவிட்டாள். ஒரு சாண் இடத்தில் ஏழு புள்ளி. அதற்கு நடுவில் பூசணிப்பூ கிடைக்காமல் மஞ்சள் துணியில் ஒரு பூ தைத்து வைத்திருந்தாள். அந்தத் துணிப்பூவை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இதழ் ஐந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக மடித்துத் தைத்தது. தூரத்தில் இருக்கிற உங்கள் எல்லாருக்கும், அடுக்குமாடியின் மூன்றடி வழியில் சாக்பீஸால் கோடு இழுத்தவர்களுக்கும் என் முதல் வாழ்த்து. நாளை உங்கள் வீட்டில் பானை இருக்காது, குக்கர்தான் இருக்கும். இருக்கட்டும். குக்கர் மூடியை மட்டும் போடாமல் விடுங்கள். பால் தானாக விளிம்புக்கு ஏறி வருவதைக் கண்ணால் பாருங்கள். பொங்கி அடுப்பில் வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். வழியட்டும்.

பொங்கும்போது குலவை போட மறக்காதீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் 'பொங்கலோ பொங்கல்' என்ற குரலோடு குலவையும் எழுந்தால்தான் பொங்கல் பொங்கியதாகக் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தால் சன்னலைச் சாத்திக்கொண்டாவது போடுங்கள். நாக்கைப் புரட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு நாளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் மனைவி நர்ஸ். இரவு வேலை முடிந்து வருவதற்குக் காலை எட்டாகிவிடும். அந்த நாட்களில் இவரே வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார். மார்கழி முதல் நாள் அனுப்பிய படத்தில் புள்ளிகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. இருபதாம் தேதி ஒரு சிக்குக் கோலம் போட்டிருந்தார். கம்பி எங்கேயும் அறவில்லை, ஆரம்பித்த இடத்திலேயே வந்து முடிந்திருந்தது. தம்பி, உங்களுக்கும், நாளை காலையும் வார்டில் இருக்கப் போகிற உங்கள் மனைவிக்கும் பொங்கல் வாழ்த்துகள். அவர்களைப் போலவே நாளைக்கு வேலைக்குப் போகிற எல்லாருக்கும் சொல்கிறேன்: பேருந்து ஓட்டுகிறவர்கள், மாட்டுத்தாவணியில் விடிய விடியப் பூ மூட்டை இறக்குகிறவர்கள், வாடிவாசல் பக்கம் பாதுகாப்புக்கு நிற்கிற காவலர்கள், குப்பை அள்ளுகிற தூய்மைப் பணியாளர்கள். எங்கள் பண்டிகை உங்கள் உழைப்பில்தான் நடக்கிறது. உங்கள் பங்குப் பொங்கல் ஆறிப்போகாமல் யாராவது எடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு வாசல் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கம். மார்கழி பன்னிரண்டு வரை தினமும் வந்த படம் பதின்மூன்றாம் நாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டு வரி வந்தது. அப்பா தவறிவிட்டாராம், இந்த வருஷம் கோலம் இல்லை, பொங்கலும் இல்லை. அவர் கடைசியாக அனுப்பிய படத்தின் ஓரத்தில் வயதான ஒருவரின் கால்விரல்கள் தெரிகின்றன, ரப்பர் செருப்போடு. கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நிற்கிற கால்கள். அவர்தான் அந்த அப்பாவா என்று நான் கேட்கவில்லை.

துக்க வீட்டில் ஒரு வருஷம் பொங்கல் வைக்க மாட்டார்கள். தெருவே குலவை போடும்போது அந்த வீட்டு வாசல் மட்டும் வெறும் தண்ணீர் தெளித்துக் கிடக்கும். என் மாமியார் தவறிய வருஷம் எங்கள் வாசலும் அப்படித்தான் கிடந்தது. அன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும், மறு கையில் பாதிக் கரும்பும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். "உங்க வீட்டில வைக்கக் கூடாதுதான், சாப்பிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார்.

மதுரையில் தைப் பொங்கலுக்கும் கரும்புக்கும் ஒரு கதை உண்டு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லாம் வல்ல சித்தராக வந்த சொக்கநாதரைப் பாண்டியன் சோதிக்கிறான். உம்மால் எல்லாம் முடியும் என்றால் இந்தக் கல்யானையைக் கரும்பு தின்ன வையும் என்று நீட்டுகிறான். சித்தர் கண்ணால் பார்க்கிறார், அவ்வளவுதான். கல்லாக நின்ற யானை துதிக்கையை நீட்டிக் கரும்பை வாங்கித் தின்கிறது. பாண்டியன் கழுத்து முத்துமாலையையும் பறித்துக்கொள்கிறது. மீனாட்சி கோயிலில் ஒவ்வொரு தைப் பொங்கலன்றும் இந்தத் திருவிளையாடலை நடத்துகிறார்கள். சித்தர் சன்னதிக்குப் போகும்போதெல்லாம் அந்த யானையைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இந்த வருஷம் மனம் கல்லாகக் கிடக்கிறவர்களுக்கு, பண்டிகை என்ற சொல்லே கசக்கிறவர்களுக்கு, 'சந்தோஷமாக இருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்யானை கரும்பு தின்ற ஊரிலிருந்து ஒரு துண்டுக் கரும்பு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வேண்டாம் என்றால் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்கழியில் உங்கள் வாசலுக்குக் காத்திருப்பேன்.

பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படி வந்து இறங்கிய அக்கா தங்கைகளுக்கும், அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிய அண்ணன் தம்பிகளுக்கும் வாழ்த்து. தலைப்பொங்கல் கொண்டாடுகிற புதுப்பெண்களுக்குத் தனி வாழ்த்து. புகுந்த வீட்டு வாசலில் முதல் கோலம் போடும்போது கை நடுங்கத்தான் செய்யும். சின்னதாகவே போடுங்கள், போதும். நோம்பு வைக்கிற வீட்டிலிருந்தும், சர்ச்சுக்குப் போகிற வீட்டிலிருந்தும் கோலத்தைப் பார்த்துப் பாராட்டி எழுதினீர்கள். சூரியன் எல்லார் வீட்டுக் கூரை மேலும்தான் ஏறுகிறது. உங்களுக்கும் இது பண்டிகைதான், பொங்கல் வாங்கிச் சாப்பிட வாருங்கள்.

விவசாயம் பார்க்கிற குடும்பங்களுக்கு நான் என்ன சொல்வது! புது அரிசி உங்களிடமிருந்து வந்தது. விளைந்ததற்கு விலை கிடைக்கட்டும். போட்ட காசாவது திரும்பட்டும் என்று நீங்கள் வேண்டிக்கொள்ளும் நிலை மாறட்டும். நாளை மறுநாள் உங்கள் மாடு கன்றுகளுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கும்போது எங்கள் பேரைச் சொல்லியும் ஒரு வாழைப்பழம் ஊட்டிவிடுங்கள்.

நாளை அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். மாடு பிடிக்கப் போகிற தம்பிகளே, உங்கள் அம்மாக்கள் என்னைப் போலத்தான் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். திமிலைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முழு உடம்போடு வீட்டுக்கு வாருங்கள். காளைகளும் அப்படியே கொட்டிலுக்குத் திரும்பட்டும். பார்க்கப் போகிறவர்கள் தடுப்பைத் தாண்டாதீர்கள், தயவுசெய்து.

மல்லிகை வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறுவது வருஷா வருஷம் நடப்பதுதான். நானும் இந்த முறை கனகாம்பரம்தான் வாங்கினேன். பானைக் கழுத்துக்கு மஞ்சள் கொத்து இருந்தால் போதும்.

நாளைக்கு என் வாசலில் கோலம் என்னவென்று கேட்டிருந்தீர்கள். 15 புள்ளி, ஊடுபுள்ளியாக 8 வரை. நடுவில் பானை, இரண்டு பக்கமும் கரும்பு, மேலே சூரியன். பச்சரிசி மாவில்தான் போடப் போகிறேன். எறும்பு வந்து இழுக்கட்டும், அதற்கும் நாளைக்குப் பொங்கல்தானே. மார்கழி முழுக்கச் சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூக்களை அப்படியே வரட்டியாகத் தட்டிக் காயவைத்திருக்கிறேன், என் அம்மா செய்ததைப் போல. அடுப்பில் முதல் நெருப்பு அந்தப் பூவரட்டியில்தான். முப்பது நாளும் உங்களோடு போட்ட கோலங்களில் இருந்த பூக்கள் அவை.

எதிர்வீட்டில் வாசல் கழுவி முடித்துவிட்டார்கள். நான் இனிமேல்தான் போய்ப் புள்ளி வைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பாலும் பொங்கட்டும், மனமும் பொங்கட்டும். எல்லாருக்கும் இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து உங்கள் கோலக்கார அக்கா