வீட்டுக்கு வீடு தண்ணீர்க் கணக்கு: நம் தெருச் சங்கத்துக்கு ஒரு யோசனை

தலைவர் மாமாவுக்கும் செயலாளர் அக்காவுக்கும் சங்கத்தின் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் தண்ணீர்ப் பேச்சு வந்தபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொன்னோம். ஒருத்தர் வாரத்துக்கு ஒருமுறைதான் குழாய் வருகிறது என்றார், மேலக்கோடி அண்ணன் தன் வீட்டில் ரெண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது என்றார், கீழக்கோடியில் இருந்து வந்த அக்கா குழாயே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். ஆனால் இதை அப்படியே மனுவாக எழுதிக் கொடுத்தால் "எத்தனை வீடு, எத்தனை குடம்?" என்கிற முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் கிடையாது. அதனால் ஆடி மாதத்தில் நம் தெரு முழுக்க வீடு வீடாகப் போய் ஒரு சின்னக் கணக்கு எடுத்துவிடலாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும், ஒரே ஒரு தாளில், வீட்டுக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல்.

ஏன் தண்ணீர் மட்டும் என்றால், மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து கணக்கெடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆறு பக்கம் கேள்வி. கடன் எவ்வளவு, என்ன சாதி, நகை இருக்கிறதா, ரேஷன் அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று எங்கள் வீட்டில் மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். அம்மா அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. அப்புறம் அந்தத் தாள்கள் எங்கே போயின, என்ன கண்டுபிடித்தார்கள், ஒரு வார்த்தை திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாராவது தாளும் பேனாவுமாக வந்தாலே கதவு பாதிதான் திறக்கிறது. அந்தக் கதவை முழுசாகத் திறக்க வைக்க வேண்டும் என்றால் கொஞ்சமாகக் கேட்க வேண்டும், கேட்டதன் விடையைத் திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும்.

சாம்பிள் எடுத்தால் போதாதா என்று செயலாளர் அக்கா கேட்டார். பெரிய ஊருக்கு அது சரி. நமக்கு மொத்தமே 164 வீடு, எல்லா வீட்டுக்கும் போய்விடலாம். தெருவை ரெண்டு முறை நடந்து எண்ணினேன்: வரி ரசீது உள்ள வீடு 145, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரை ஓரமாகக் கிடுகு போட்ட குடிசை 19. அந்தப் பத்தொன்பதும் கணக்கில் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை, பட்டா இல்லை, எந்தப் பட்டியலிலும் பேர் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாததால்தான் குழாயும் அவர்களிடம் போகவில்லை. அந்தப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, நீர் ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிரப்ப எவ்வளவு நேரமாகிறது என்று போய் நின்று பார்த்தேன். நான் பார்த்த அன்று முக்கால் மணி நேரம். அவர்களை விட்டுவிட்டு ஒரு கணக்கு எடுப்பதாக இருந்தால் அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மதினியிடம் போன வாரம் ஒத்திகை பார்த்தேன். "ஒரு நாளைக்கு எத்தனை குடம் ஆகும் மதினி?" என்றதும் யோசிக்காமல் "பத்து" என்றார். சரி, நேற்றுக் காலையில் எழுந்ததில் இருந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். குழாயில் பிடித்தது அஞ்சு, தண்ணி வண்டியில் வாங்கியது ஆறு, பாத்திரம் கழுவவும் குளிக்கவும் உப்புக் கிணற்றில் இறைத்தது ஆறு. பத்து என்று சொன்னது பதினேழு ஆனது. அவர் குடத்தை வாங்கி லிட்டர் பாட்டிலால் அளந்து பார்த்தேன், கழுத்து வரை பதின்மூன்றரை லிட்டர் பிடித்தது. பதினேழு குடத்துக்கு ஏறக்குறைய 230 லிட்டர், வீட்டில் ஆறு பேர், ஆளுக்கு 38 லிட்டர். கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வீட்டுக் குழாயில் வர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. உப்புத் தண்ணியையும் சேர்த்தே மதினி வீட்டில் 38தான், அதிலும் குழாயில் வந்தது வெறும் அஞ்சு குடம். இப்படி ஒரு வீட்டுக் கணக்கு கையில் இருந்தால் நாம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும். அதனால் "பொதுவாக" என்ற வார்த்தையே நம் தாளில் வராது, எல்லாம் "நேற்று"தான். நேற்றுக் கல்யாணம், காரியம், விருந்தாளி என்றால் அதை ஓரத்தில் குறித்துக்கொண்டு முந்தின நாளைக் கேட்கலாம்.

தாளில் வரும் கேள்விகள் இவ்வளவுதான்:

1. இந்த வீட்டில் நேற்று ராத்திரி எத்தனை பேர் தூங்கினீர்கள்? கடலுக்குப் போனவர்களையும் சேர்த்து.
2. நேற்றுத் தண்ணீர் எங்கெங்கே இருந்து வந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை குடம்? (வீட்டுக் குழாய், தெருக் குழாய், வண்டி, கேன், கிணறு, ஊற்று.)
3. உங்கள் குடம் எது? மூன்று குடத்தின் படம் காட்டுவோம், தொட்டுக் காட்டினால் போதும்.
4. தண்ணீர் எடுக்கப் போனது யார், போய்வர எவ்வளவு நேரம்?
5. குழாய் கடைசியாக எந்தக் கிழமை வந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?
6. போன ஏழு நாளில் தண்ணீருக்குக் கொடுத்த காசு எவ்வளவு?
7. தண்ணீருக்காக அந்த ஏழு நாளில் யாராவது வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகாமல் இருந்தார்களா?
8. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வோம்.

பேர், ஆதார், போன் நம்பர், சாதி, வருமானம் எதுவும் கிடையாது. நான் வரைந்த தெருப்படத்தில் உள்ள வீட்டு எண் மட்டும் தாளின் மேல் மூலையில் இருக்கும், திரும்பப் போக வேண்டிய வீடு எது என்று தெரிவதற்காக. படம் செயலாளர் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், தாள்கள் என்னிடம் இருக்கட்டும். கணக்கு முடிந்ததும் படத்தைக் கிழித்துவிடலாம்.

பதில் சொல்ல வேண்டியது அந்த வீட்டில் தண்ணீர் எடுப்பவர். நம் தெருவில் அது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பெண்கள்தான், ஆனால் நாம் போனால் திண்ணையில் இருக்கும் ஆண்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். மரியாதையாக "அண்ணே, தண்ணி எடுக்கிற அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் பிள்ளைகள் மட்டும் இருந்தால் கேட்காமல் இன்னொரு நாள் வர வேண்டும். வாசலில் நின்றதும் முதலில் சொல்வது இது: "தெருச் சங்கத்துல இருந்து வர்றோம். தண்ணீரைப் பத்தி எட்டுக் கேள்வி. பேர் எழுத மாட்டோம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், வேண்டாம்னா இப்பவே சொல்லிடலாம். இதனால குழாய் வந்துடும்னு நாங்க வாக்குக் குடுக்கல, ஆனா கணக்கு என்னன்னு உங்களுக்கு வந்து சொல்வோம்." கடைசி வாக்கியத்தை யாரும் விடக் கூடாது. ஆர்வத்தில் "சீக்கிரம் குழாய் வந்துடும் அக்கா" என்று ஒருவர் வாய் தவறிச் சொன்னாலும் அடுத்த தடவை நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆள் கணக்கு எளிது. எட்டுப் பேர் போதும், நான்கு ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பெண்ணாவது. ஜோடிக்கு 41 வீடு, சாயங்காலம் ஆறு வீடு என்று போனால் ஏழு நாள். பூட்டியிருக்கும் வீடுகளுக்கு இன்னும் மூன்று நாள். பாசி எடுக்கப் போகும் அக்காமார் கருக்கலிலேயே கிளம்பிவிடுவதால் அவர்கள் வீட்டுக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல், கருவாடு காயப்போடும் வீடுகளுக்கு வெயில் தாழ்ந்து அள்ளி முடித்த பிறகு. மூன்று தடவை வேறு வேறு நேரத்தில் போயும் ஆள் இல்லை என்றால் "பூட்டு" என்று எழுதி விட்டுவிடலாம், பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பக் கூடாது. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்கள் வேண்டாம். ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் என்று பாதித் தெரு போய்விடும், போகாத வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள்.

ஆடியிலேயே எடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிந்து படகுகள் போய்விட்டன, அதனால் இது வழக்கமான நாட்களின் கணக்காக இருக்கும். மழையோ நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான், இப்போது கிணறு நன்றாக உப்பேறிக் கிடக்கும். அதே சமயம் வருஷம் முழுக்க இப்படித்தான் என்று நாம் சொல்லிவிடவும் கூடாது. தை மாதம் ஒரு முப்பது வீட்டில் மட்டும் இதே தாளைத் திரும்பக் கேட்டால் மழைக்குப் பிறகு என்ன மாறுகிறது என்று தெரியும்.

கிணறுகளுக்கு இன்னொரு சின்ன வேலை. தெருவில் கிணறும் போரும் சேர்த்து 23. உப்பு பார்க்கும் டிடிஎஸ் பேனா ஒன்று வாங்கினால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தரநிலை. ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பேனா கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. எண் குறைவாக இருக்கிறதே என்று யாரும் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது.

செலவு: தாள் இருபக்கமும் ஜெராக்ஸ் 180 பிரதி 360 ரூபாய், எழுதும் அட்டை நான்கு 200, பேனா 60, டிடிஎஸ் பேனா 350, எட்டுப் பேருக்குப் பத்து நாள் டீ 800. மொத்தம் 1,770. சங்கத்தில் இருந்து 2,000 கொடுத்தால் மீதியை ரசீதோடு திருப்பிவிடுவேன்.

முதலில் எட்டு வீட்டில் மட்டும் போய்ப் பார்த்து, புரியாத கேள்வியைத் திருத்திவிட்டு அப்புறம் முழுத் தெரு. தினமும் ராத்திரி தாள்களை நான் வாங்கிப் பார்ப்பேன், ஏதாவது விட்டுப்போயிருந்தால் மறுநாளே அந்த ஜோடி திரும்பப் போகலாம். கூட்டல் எல்லாம் நோட்டில் ஒருமுறை, கம்ப்யூட்டரில் ஒருமுறை, ரெண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆவணி கடைசிக்குள் கணக்கைத் தெருக் குழாயடியிலேயே சாயங்காலம் கூட்டம் போட்டு வாசித்துவிடலாம். யாராவது "இது தப்பு" என்றால் அங்கேயே திருத்துவோம். அதற்குப் பிறகுதான் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும், ரெண்டே பக்கமாக.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு மூன்று விஷயம் முடிவாக வேண்டும்: இந்த எட்டுக் கேள்வியும் சரிதானா, குடிசைப் பகுதி 19 வீடும் கணக்கில் உண்டா, பணம் 2,000 கிடைக்குமா. ஆள் என்று என்னையும் சேர்த்து அஞ்சு பேர் தயார். இன்னும் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது குடிசைப் பக்கத்தில் இருந்து வந்தால் நல்லது. மாதிரித் தாளைக் கூட்டத்துக்கு எடுத்து வருகிறேன், மதினி வீட்டுக் குடத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிணற்றடி வீட்டு மூத்த மகள்