பொருள்: 90 நாள் டியூ கேட்டது தொடர்பாக

சென்னிமலை
18.8.2025

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி லோடு பற்றி எழுதிய கடிதம் கிடைத்தது. இந்த வருடமும் பெட்ஷீட், துண்டு இரண்டையும் எங்களிடமே எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆர்டரை அப்படியே பதிந்துகொண்டோம்.

ஆனால் 45 நாள் டியூவை 90 நாளாக நீட்டித் தர எங்களால் முடியாது. போனில் இழுத்தடிக்காமல் காரணத்தோடு எழுத்தில் சொல்வதுதான் உங்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன்.

நூல் எடுத்த ஏழாம் நாள் மில்லுக்குப் பணம் போயாக வேண்டும். தாண்டினால் வட்டி போட்டு டெபிட் நோட் வந்துவிடும். தறிக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் நெய்ததை எண்ணி ஒப்படைத்துவிட்டுக் கூலிக்காக நிற்பார்கள். அவர்களிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். உங்கள் பில்லுக்கான ஜிஎஸ்டியையும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நாங்கள் கட்டிவிடுகிறோம்.

மாதம் ஏறக்குறைய 6 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறீர்கள். வரியோடு 6,30,000. 45 நாளில் உங்கள் கணக்கில் நிற்பது 9.45 லட்சம், 90 நாள் என்றால் 18.90 லட்சம். கூடுதலாக நிற்கும் அந்த 9.45 லட்சத்துக்கு 11 சதவீத பேங்க் வட்டி மட்டுமே வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். பெட்ஷீட்டில் எங்களுக்கு நிற்கும் லாபம் உங்களுக்குத் தெரியாததல்ல.

வேறொருவர் 90 நாள் தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தரட்டும். ஆனால் அந்த வட்டி அவருடைய விலைக்குள்தான் இருக்கும். நூல் கவுண்ட், எடை இரண்டையும் எங்கள் பீஸோடு வைத்துப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மிரட்டுவதற்காக அல்ல, உங்கள் ஆடிட்டரும் இதையே சொல்வார். நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர். 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டாலும் 45 நாளுக்கு மேல் டியூ செல்லாது. தாண்டி நிற்கும் பில் மார்ச் 31 அன்றும் பாக்கியாக இருந்தால், வருமான வரிக் கணக்கில் அந்த வருடச் செலவாக அதைக் கழிக்க முடியாது. பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம்.

எங்களால் முடிந்தது இது. இனிப் போடும் பில்களுக்கு, சரக்கு இறங்கிய 10 நாளுக்குள் முழுத் தொகையும் ஆர்டிஜிஎஸ்ஸில் வந்துவிட்டால் 2 சதவீதம் தள்ளுபடி. வரிக்கு முந்தைய தொகைக்கு மட்டும். 6 லட்சம் பில்லுக்கு 12,000 ரூபாய். நீங்கள் பேங்க் ஓடியில் இதே 11 சதவீதத்துக்கு எடுத்துக் கட்டினாலும், 35 நாள் முன்கூட்டிக் கட்டுவதற்கு வட்டி 6,500 சுமார்தான் ஆகும். மீதி 5,500 உங்களுக்கு. தள்ளுபடியை ஜிஎஸ்டி இல்லாத கிரெடிட் நோட்டாகத் தருகிறோம்; நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டியிருக்காது. பழைய பில் ஏதும் 45 நாள் தாண்டி நின்றால் மட்டும் தள்ளுபடி கிடையாது. 2 சதவீதத்துக்கு மேல் கேட்காதீர்கள் அண்ணாச்சி, அதற்கு மேல் கொடுத்தால் துணியில்தான் குறைக்க வேண்டி வரும். அதைச் செய்ய எனக்கு மனம் வராது.

பணம் முடங்குகிறது என்ற உங்கள் கவலை நியாயமானதே. அதற்கு இன்னொரு வழி: லோடை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் பாதி செப்டம்பர் 5-ஆம் தேதி இறங்கினால் 45-ஆவது நாள் அக்டோபர் 20, தீபாவளி அன்றே. அதற்குள் பாதிச் சரக்காவது விற்றிருக்கும். இரண்டாம் பாதி செப்டம்பர் 22-ல் இறங்கினால் நவம்பர் 6 வரை நேரம் இருக்கிறது. அப்புறம் சரக்கு குடோனிலும் இடத்தை அடைக்காது. இரண்டாவது லாரி வாடகையில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

நூல் எடுக்க வேண்டியிருப்பதால் ஆகஸ்ட் 25-க்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: 10 நாள் தள்ளுபடியா, 45 நாளா, லோடைப் பிரிப்பதா இல்லை ஒரே தடவையா. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
முத்துசாமி