மேற்செலவுப் பகிர்வு: ஒன்றுக்கொன்று சேவை செய்யும் துறைகள் (பி.காம். அடக்க விலைக் கணக்கியல், பயிற்சித் தாள்)

இந்தத் தாளில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. முதல் கணக்கை இரண்டு முறைகளிலும் முழுசாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். மற்ற இரண்டும் நீங்கள் போட வேண்டியவை. விடை கடைசியில் உண்டு.

கணக்கு 1

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலை. உற்பத்தித் துறைகள் மூன்று: வார்ப்பு, லேத், அசெம்பிளி. சேவைத் துறைகள் இரண்டு: பராமரிப்பு, கேன்டீன். முதல்நிலைப் பகிர்வு முடிந்த பின் ஜூன் மாத மேற்செலவுகள் (ரூபாயில்):

வார்ப்பு 1,25,000, லேத் 98,000, அசெம்பிளி 61,000, பராமரிப்பு 46,000, கேன்டீன் 30,000. மொத்தம் 3,60,000.

சேவைத் துறைகளின் செலவைப் பகிர வேண்டிய விகிதம்:

| | வார்ப்பு | லேத் | அசெம்பிளி | பராமரிப்பு | கேன்டீன் |
|---|---|---|---|---|---|
| பராமரிப்பு | 30% | 40% | 10% | – | 20% |
| கேன்டீன் | 30% | 25% | 35% | 10% | – |

அந்த மாதம் வார்ப்பில் 9,500 உழைப்பு மணி, லேத்தில் 3,200 எந்திர மணி, அசெம்பிளியில் 8,000 உழைப்பு மணி வேலை நடந்தது. (அ) தொடர் பகிர்வு முறை, (ஆ) ஒருங்கமை சமன்பாட்டு முறை இரண்டிலும் சேவைத் துறைச் செலவுகளைப் பகிர்ந்து, ஒவ்வோர் உற்பத்தித் துறைக்கும் மணி வீதம் காண்க.

தீர்வு

கணக்கில் இறங்கும் முன் 20%, 10% என்ற இரண்டு எண்களையும் கொஞ்சம் நின்று பாருங்கள். கேன்டீனில் மாவரைக்கும் கிரைண்டர் பழுதானால் பராமரிப்பு ஃபிட்டர்தான் வந்து சரி செய்கிறார். அந்தச் செலவு கேன்டீனுக்குப் போகிறது. மதியம் அதே ஃபிட்டர் கேன்டீனில் சாப்பிடுகிறார். அந்தச் செலவு பராமரிப்புக்குத் திரும்பி வருகிறது. அதனால் எந்தத் துறையின் முழுச் செலவும் மற்றதைத் தெரிந்துகொள்ளாமல் தெரியாது. இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் இரண்டு முறைகளுக்கும் வேலை.

(அ) தொடர் பகிர்வு. பராமரிப்பில் தொடங்குவோம்.

| | வார்ப்பு | லேத் | அசெம்பிளி | பராமரிப்பு | கேன்டீன் |
|---|---|---|---|---|---|
| முதல்நிலை | 1,25,000 | 98,000 | 61,000 | 46,000 | 30,000 |
| பராமரிப்பு | 13,800 | 18,400 | 4,600 | (46,000) | 9,200 |
| கேன்டீன் | 11,760 | 9,800 | 13,720 | 3,920 | (39,200) |
| பராமரிப்பு | 1,176 | 1,568 | 392 | (3,920) | 784 |
| கேன்டீன் | 235 | 196 | 275 | 78 | (784) |
| பராமரிப்பு | 23 | 31 | 8 | (78) | 16 |
| கேன்டீன் | 5 | 5 | 6 | – | (16) |
| மொத்தம் | 1,51,999 | 1,28,000 | 80,001 | – | – |

கேன்டீனின் முதல் வரியில் 39,200 எப்படி வந்தது? சொந்தச் செலவு 30,000, பராமரிப்பிலிருந்து வந்தது 9,200. வெறும் 30,000-ஐ மட்டும் பகிர்ந்துவிட்டு, கடைசியில் பத்தி மூடவில்லையே என்று திகைப்பவர்கள் நிறைய. ஒரு துறையின் முறை வரும்போது அந்தப் பத்தியில் அப்போது இருக்கும் முழுத் தொகையும் காலியாக வேண்டும்.

கடைசி 16 ரூபாயைத் திரும்பப் பராமரிப்புக்கு அனுப்பாமல், உற்பத்தித் துறைகளுக்குள்ளேயே 30:25:35 விகிதத்தில் முடித்துவிட்டேன். எத்தனை சுற்று போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கணிக்கலாம். 20%-ஐ 10%-ஆல் பெருக்கினால் 2%. ஒரு முழுச் சுற்று முடியும்போது மிச்சம் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும்: 3,920 அடுத்த சுற்றில் 78 ஆனதைப் பாருங்கள். விகிதங்கள் 40%, 30% என்றிருந்தால் இது 12%; அப்போது அட்டவணை நீளும், சமன்பாட்டு முறையே மேல்.

(ஆ) ஒருங்கமை சமன்பாடு. பராமரிப்பின் முழுச் செலவு X, கேன்டீனின் முழுச் செலவு Y.

```
X = 46,000 + 0.10Y
Y = 30,000 + 0.20X

X = 46,000 + 0.10(30,000 + 0.20X)
X = 49,000 + 0.02X
0.98X = 49,000
X = 50,000
Y = 30,000 + 10,000 = 40,000
```

| | வார்ப்பு | லேத் | அசெம்பிளி |
|---|---|---|---|
| முதல்நிலை | 1,25,000 | 98,000 | 61,000 |
| பராமரிப்பு (50,000-இல் 30, 40, 10%) | 15,000 | 20,000 | 5,000 |
| கேன்டீன் (40,000-இல் 30, 25, 35%) | 12,000 | 10,000 | 14,000 |
| மொத்தம் | 1,52,000 | 1,28,000 | 80,000 |

மணி வீதம்: வார்ப்பு 1,52,000 ÷ 9,500 = ரூ.16. லேத் 1,28,000 ÷ 3,200 = ரூ.40. அசெம்பிளி 80,000 ÷ 8,000 = ரூ.10. முதல் முறையோடு ஒரு ரூபாய் வித்தியாசம் முழு எண்ணாக்கியதால் வந்தது. தேர்வில் அதற்கு மதிப்பெண் குறையாது.

இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் பதறுகிறார்கள். X, Y இரண்டையும் கூட்டினால் 90,000 வருகிறது. ஆனால் சேவைத் துறைகளின் உண்மைச் செலவு 76,000-தானே? 90,000 யாரும் செலவழித்த பணம் இல்லை. அதில் 14,000 (10,000 + 4,000) இரண்டு துறைகளுக்கிடையே போய் வந்ததால் இரண்டு முறை எண்ணப்பட்டது. உற்பத்தித் துறைகளுக்குப் போவது X-இல் 80%, Y-இல் 90% மட்டுமே: 40,000 + 36,000 = 76,000. சரியாகப் போட்ட விடையைத் "தப்பு" என்று அடித்துவிட்டு, பகிரும்போது 46,000-ஐயும் 30,000-ஐயும் எடுத்துக்கொள்ளும் விடைத்தாளைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கும். X-இல் 80%, Y-இல் 90% கூட்டிப் பாருங்கள். 76,000 வந்தால் அடிக்காதீர்கள்.

கணக்கு 2

திருப்பூரில் ஒரு பனியன் தொழிற்சாலையின் முதல்நிலை மேற்செலவுகள்: நிட்டிங் ரூ.80,000, சாயம் ரூ.1,24,000, தையல் ரூ.71,000; ஸ்டோர் ரூ.20,000, பாய்லர் ரூ.50,000, பராமரிப்பு ரூ.35,000.

| | நிட்டிங் | சாயம் | தையல் | பாய்லர் | பராமரிப்பு |
|---|---|---|---|---|---|
| ஸ்டோர் | 30% | 20% | 30% | 10% | 10% |
| பாய்லர் | – | 70% | 25% | – | 5% |
| பராமரிப்பு | 35% | 25% | 20% | 20% | – |

சமன்பாட்டு முறையில் பகிர்க. மூன்று சேவைத் துறை என்றதும் மூன்று மாறிகளை எழுதத் தொடங்க வேண்டாம். ஸ்டோர் எல்லோருக்கும் தருகிறது, யாரிடமிருந்தும் வாங்கவில்லை. அதை முதலில் பகிர்ந்து மூடிவிட்டு, அப்புறம் மீதி இரண்டுக்கும் சமன்பாடு எழுதுங்கள்.

கணக்கு 3

P, Q என்ற இரண்டு சேவைத் துறைகளின் முதல்நிலைச் செலவு முறையே ரூ.23,400, ரூ.30,600. Q தன் செலவில் 10%-ஐ P-க்குத் தருகிறது. சமன்பாட்டு முறையில் P-இன் முழுச் செலவு ரூ.27,000 என்று வந்தது. (அ) Q-இன் முழுச் செலவு என்ன? (ஆ) P தன் செலவில் எத்தனை சதவீதத்தை Q-க்குத் தருகிறது? (இ) உற்பத்தித் துறைகளுக்கு மொத்தம் எவ்வளவு போகிறது?

விடைகள்

கணக்கு 2: ஸ்டோரைப் பகிர்ந்த பின் பாய்லர் 52,000, பராமரிப்பு 37,000. முழுச் செலவு: பாய்லர் 60,000, பராமரிப்பு 40,000. இறுதியில் நிட்டிங் 1,00,000, சாயம் 1,80,000, தையல் 1,00,000, மொத்தம் 3,80,000.

கணக்கு 3: (அ) 27,000 − 23,400 = 3,600; இது Q-இல் 10%, எனவே Q = ரூ.36,000. (ஆ) 36,000 − 30,600 = 5,400; 27,000-இல் இது 20%. (இ) 21,600 + 32,400 = ரூ.54,000. இரண்டு துறைகளின் முதல்நிலைச் செலவைக் கூட்டினாலும் இதே தொகை.