லில்லிக்குப் பதிந்த கேசட்

கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்க மச்சைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. உறையில் அப்பாவின் கையெழுத்து: ‘மர்மதேசம் – விடாது கருப்பு. லில்லிக்கு.’ அதன்மேல் யாரும் வேறெதையும் பதிந்துவிடக் கூடாதென்று, முதுகுப் பக்கமிருந்த சின்ன பிளாஸ்டிக் துண்டை அப்போதே ஒடித்து எடுத்திருந்தார்.

லில்லி மாமி அப்பாவின் தங்கை. சவுதியில் நர்ஸாக இருந்தவர். சன் டிவியில் இந்தத் தொடர் வந்த நாட்களில் அப்பா வாரம் தவறாமல் பதிவு செய்தார். ஊரிலிருந்து போன ஒருவரிடம் கொடுத்தும் விட்டார். ஏர்போர்ட்டில் வீடியோ கேசட்டைப் பிடுங்கிப் போட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, அந்த ஆள் பயந்து திருவனந்தபுரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம் அது மச்சுக்குப் போய்விட்டது.

டேப்பில் வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது. அப்பா மூடியைத் தூக்கி, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித் துடைத்தார். சுருக்கம் விழுந்த இடங்களில் கை தானாக நின்றது. மார்த்தாண்டத்தில் பெல்ட் மாற்றி வாங்கிய பழைய டெக்கின் ஹெட்டையும் துடைத்து முடிப்பதற்குள், கருங்கலிலிருந்து மாமி ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்.

படம் வந்தது. வந்தது என்றால், பாதி வந்தது. கீழ்ப்பாதி இழுபட்டு ஓடியது. குரல் மட்டும் தண்ணிக்குள்ளிருந்து பேசுவது போல நிதானமாகக் கேட்டது. அப்பா டிராக்கிங்கைத் திருகத் திருக, ஒரு ஆள் தெரிந்தான்.

“சேத்தன்!” என்றார் மாமி.

“அவன் இல்ல பிள்ளே. அவன் இதவிட ஒசரம்.”

“நீதானே அண்ணே லெட்டர்ல எழுதின, சேத்தன்னு ஒருத்தன் நல்லா நடிக்கான்னு?”

“எழுதினேன். இந்தச் சீன்ல நிக்கது அவன்னு எழுதினேனா?”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். அம்மா குழித்துறைக்காரி. சின்ன வயதில் அவர்கள் வீட்டு ஆன்டெனா எப்போதும் திருவனந்தபுரம் பக்கம் திரும்பியிருக்கும். தூர்தர்ஷனில் அவர் பார்த்து வளர்ந்ததெல்லாம் மலையாளம்தான். “இது மலையாள ஆளாக்கும். நான் கண்டிருக்கேன்” என்றார், மீன் கழுவிய கையோடு.

“மைனி, நீங்க சும்மா இருங்க. நாகா எடுத்த தொடரு இது, இந்திரா சௌந்தர்ராஜன் கதை. மலையாளம் எங்க வந்து?”

“கதை ஆருதானாலும் மூஞ்சி மூஞ்சிதான், லில்லி.”

அடுத்து ஒரு பெண் வந்தாள். முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு. மாமி, “தேவதர்ஷினி. சேத்தனையே கல்யாணம் கட்டினவ” என்றார். அது தேவதர்ஷினியின் முடியே இல்லை என்றார் அப்பா. தன் கையெழுத்தையே மறுத்துப் பேசுகிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நான் போனை எடுத்தேன்.

“கீழ வை மக்கா” என்றார்கள், அண்ணனும் தங்கையும் ஒரே குரலில்.

சரி, டைட்டிலைப் பார்ப்போமென்று பின்னால் ஓட்டினோம். பெயர்கள் எல்லாம் இருந்தன. ‘...தர்ஷினி’ என்று பாதி வார்த்தை தெளிவாகவே தெரிந்தது. மாமி கை தட்டினார். “பேரு இருக்கு. அந்த முகத்துக்குக் கீழ எழுதியா இருக்கு?” என்றார் அப்பா. அதற்கு மாமியிடம் பதில் இல்லை. உடனே போனில் மாமாவைக் கூப்பிட்டார். பெட்டியில் அண்ணன் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, நீல இன்லேண்டு இல்லை, ஏர்மெயில் கவர், எடுத்து வாசியுங்கள் என்றார்.

மாமா தேடி எடுத்து, ஸ்பீக்கரில் மெதுவாக வாசித்தார்: “‘சேத்தன், தேவதர்ஷினி ரெண்டு பேரும் நல்லா நடிக்காங்க. ராத்திரி வெள்ளைக் குதிரையில வாற கருப்பு ஆருண்ணு இங்க கவலையில ஒருத்தனுக்கும் உறக்கம் இல்ல. தெரிஞ்சாலும் உனக்கு எழுதமாட்டேன். எழுதினா பாக்க ருசி இருக்காது. கேசட்டு கொடுத்து விடுகேன், நீயே பாரு.’”

அறையில் டெக் ஓடும் சத்தம் மட்டும். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ இதுவரை பாக்கவே இல்லியா பிள்ளே? ஊருக்கு வந்தப்பறம், யூடியூப்ல...?”

“நீ அனுப்புகேன்னு சொன்னல்லா. காத்துக் கிடந்தேன்.”

அப்பா அவரைப் பார்த்தார். “அது ஆருண்ணா, கடைசியில...”

மாமி பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். “சொல்லாதே அண்ணே! போடு, முதல்லேருந்து போடு.”

போட்டோம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. “அந்தா, சேத்தன்” என்றார் மாமி. “இல்லவே இல்ல” என்றார் அப்பா.