ஆண்டுக் கணக்குக் கூட்டம்: அம்பத்தூர் ஆலைத் தலைவரின் பேச்சும் பதில்களும்

வணக்கம். ஏ ஷிஃப்ட் முடிச்சவங்க, பி ஷிஃப்டுக்கு வந்தவங்க, ஆபீஸ்ல இருக்கிறவங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் பேசுறேன். முதல்ல கணக்கு, அப்புறம் பெட்டியில விழுந்த சீட்டுகள். ஒண்ணையும் எடுத்து வைக்கலை.

விற்பனை 84 கோடியில இருந்து 91 கோடியாச்சு. லாபம் 6.2 கோடியில இருந்து 3.1 கோடி, சரிபாதி. கூடுதல் விற்பனையால 80 லட்சம் வந்துச்சு, 3.9 கோடி போயிடுச்சு.

அலுமினியம் விலை ஏறினா, கஸ்டமர் நம்ம ரேட்டை அடுத்த காலாண்டுலதான் திருத்துவாங்க. நடுவுல உள்ள வித்தியாசம் நம்ம தலையில: 1.4 கோடி. புது டை காஸ்டிங் மெஷினுக்கு வாங்கின 14 கோடி கடனுக்கு வட்டி 1.3 கோடி. மிச்சம் 1.2 கோடி ரிஜெக்‌ஷன். என் கவலையெல்லாம் இதுலதான்.

பம்ப் ஹவுசிங்ல ரிஜெக்‌ஷன் 2.1 சதவீதத்துல இருந்து 3.8க்குப் போச்சு. பீஸ் வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள துளை. மெஷினிங் முடிஞ்சு, தண்ணித் தொட்டியில வச்சுக் காத்து ஏத்தும்போதுதான் குமிழி வரும். உருக்கினா உலோகம் கிடைக்கும். டூல், கரன்ட், உங்க உழைப்பு திரும்பாது. பிளஞ்சர் டிப் தேஞ்ச பிறகும் ஓட்டினோம். டை சூடேறும் முன்னாடி விழுந்த பீஸும் நல்ல டிரேயில சேர்ந்துச்சு. டெஸ்பாட்ச் அவசரத்துல நிறுத்தாதேன்னு சொன்னது நிர்வாகம். ஆபரேட்டர் மேல பழி போட மாட்டேன். இனிமே மெஷின் நின்னு கிளம்பினா முதல் 15 ஷாட் நேரா உலைக்கு. டிப் மாத்த ஆபரேட்டர் நிறுத்தினா, பிளானிங்ல இருந்து யாரும் கேள்வி கேட்கக்கூடாது.

இனி சீட்டுகள்.

போனஸ் எவ்வளவு?
10 சதவீதம். போன வருஷம் 14. சட்டப்படி குறைஞ்சது 8.33. தீபாவளிக்கு 10 நாள் முன்னாடி அக்கவுண்ட்ல ஏறும்.

மேனேஜர்களுக்கும் குறையுதா?
என்னையும் சேர்த்து 11 பேருக்கு இன்கிரிமென்ட் இல்லை, இன்சென்டிவ் இல்லை. உங்க இன்கிரிமென்ட் ஒப்பந்தப்படி ஏப்ரல்ல இருந்தே உண்டு.

ஆலை ஒரகடம் போகுதா?
இடம் பார்த்தது உண்மை. முடிவாகலை. போகாதுன்னு இன்னிக்குச் சொன்னா, நாளைக்கு அது பொய்யாகலாம். ஜூலை மாச டைரக்டர்கள் கூட்டம் முடிஞ்ச மறுநாள், முடிவு எதுவானாலும் யூனியனுக்கு எழுத்துல வரும். ஆவடி, திருவள்ளூர்ல இருந்து வர்றவங்களோட பஸ் கணக்கையும் அந்தக் கூட்டத்துல வைக்கிறேன்.

கான்ட்ராக்ட் ஆளுங்க கதி என்ன?
சி ஷிஃப்ட் ஜூன் 30ஓட நிக்குது. 38 பேர்ல 16 பேரை மத்த ஷிஃப்ட்ல சேர்க்கலாம். 22 பேருக்கு இங்க வேலை இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா கடைசி நாள் கேட்ல தெரிய வர்றது அதைவிடக் கொடுமை. சம்பளமும் ஓவர்டைமும் ரெண்டு வேலை நாளுக்குள்ள தீர்க்கப்படும். யுஏஎன் பாஸ்புக்கை இன்னிக்கே திறந்து, பிஎஃப் மாசாமாசம் ஏறியிருக்கான்னு பாருங்க. கான்ட்ராக்டர் கட்டாம விட்டிருந்தா, முதன்மை முதலாளியா கட்ட வேண்டியது நாங்க. விடுபட்ட மாசத்தை எழுதி ஹெச்ஆர்ல கொடுங்க, கையெழுத்துப் போட்ட நகல் வாங்கிக்கங்க.