பித்தம்

முருகேசனுக்குத் தலைசுற்றினால் அதற்கு ஒரு காரணம் கைவசம் இருக்கும். விடியற்காலையில் பாய்லரைப் பற்றவைத்து நிமிரும்போது கிறுகிறுத்தால் வெறும் வயிறு. பதினோரு மணிக்கு வந்தால் அடுப்புச் சூடு. ராத்திரி கணக்கு எழுதும்போது வந்தால் தூக்கம் போதவில்லை. எதிலும் அடங்காத நாட்களுக்கு இருக்கவே இருக்கிறது பித்தம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரே மடக்கில் குடித்துவிடுவார். உப்பு கொஞ்சம் தாராளமாகவே விழும்.

மனைவி சொல்லிப் பார்த்தாள், மகன் சொல்லிப் பார்த்தான். கடையை யார் பார்ப்பது என்ற ஒரே கேள்வியில் இருவர் வாயையும் அடைத்துவிட்டார்.

அன்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா பிளாஸ்க்கோடு வந்து நின்றிருந்தார். முருகேசன் யாரோடோ பேசிக்கொண்டே டீயை ஆற்றினார். குவளையைப் பார்க்காமலே ஆற்றுகிற கை அது. உயரத்திலிருந்து இறங்கிய டீ, குவளைக்கு இரண்டு விரற்கடை தள்ளி அவருடைய மணிக்கட்டில் விழுந்தது. கையை உதறவில்லை, மறுகையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“குவளை ஈரம், வழுக்கிவிட்டது” என்றார் கண்ணைத் திறந்ததும்.

செல்வி அக்கா ஒன்றும் சொல்லாமல் போய், பிளாஸ்க் இல்லாமல் திரும்பி வந்தார். கையில் பிரஷர் பார்க்கும் கருவி. அவர் கணவருக்கு ஒரு நாள் திடீரென்று வாய் கோணி, வலது கை விழுந்துபோன பிறகு வாங்கியது. அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினார். கருவி உறுமியது, இறுக்கியது, காற்றை விட்டது.

186/112.

“இப்போதுதான் டீ குடித்தேன் அக்கா.”

“டீ குடித்தால் கொஞ்சம் ஏறும், உண்மைதான். நெஞ்சு வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? கண் மங்குகிறதா? கை கால் மரத்துப்போகிறதா? சிரித்துக் காட்டு.”

சிரித்துக் காட்டினார். வாய் நேராகத்தான் இருந்தது.

“இதில் ஒன்று இருந்திருந்தாலும் இந்நேரம் உன்னை ஆட்டோவில் ஏற்றியிருப்பேன். அரை மணி நேரம் எதையும் குடிக்காதே. பீடியும் கூடாது. பிறகு பார்ப்போம்.”

அரை மணி கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். பெஞ்ச் வேண்டாம் என்று சாய்மானம் உள்ள நாற்காலி வரவழைத்தார். பாதம் தரையில், காலைப் பின்னக் கூடாது, கை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல், பட்டை வெறும் தோலின்மேல். “ஐந்து நிமிடம் பேசாமல் இரு.” முருகேசன் கடை நேரத்தில் ஐந்து நிமிடம் வாயை மூடியிருந்ததை வாடிக்கையாளர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

178/108. ஒரு நிமிடம் விட்டு மறுபடி: 176/108.

“மெஷின் பழசு.”

செல்வி அக்கா பட்டையைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டார். 124/78. கருவியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். முருகேசன் வாயைத் திறந்தார். வெறும் வயிறு, அடுப்பு, தூக்கம் என்று தேடியிருக்க வேண்டும். எதுவும் வரவில்லை. கல்லாச் சாவியை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

டாக்டர் இரண்டு கைகளிலும் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார், ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. எழுந்து நிற்கச் சொல்லியும் ஒருமுறை பார்த்தார்.

“பித்தம் என்று நினைத்தேன் டாக்டர்.”

“தலைசுற்றலுக்குப் பிரஷர்தான் காரணம் என்று நானும் சட்டென்று சொல்லமாட்டேன். வேறு காரணமும் இருக்கலாம், அதையும் பார்ப்போம். பிரஷர் பெரும்பாலும் ஒரு குறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும். உங்களுக்கு எத்தனை வருடமாக இருக்கிறதோ! தலைசுற்றியதால் மாட்டிக்கொண்டது.”

மாத்திரை எழுதிக் கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றில் உப்பு என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை பார்த்தார்.

இரண்டு வாரம் ஆனது. தலைசுற்றல் விட்டிருந்தது. “அதுதான் நின்றுவிட்டதே, மாத்திரை இன்னும் எதற்கு?” என்று முருகேசன் ஆரம்பித்தபோது, செல்வி அக்கா பதில் சொல்லாமல் நாற்காலியைக் காட்டினார். காலையும் மாலையும் அளந்து எழுதும் நோட்டு மடியில் இருந்தது.

152/94.

“150 என்று எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. டாக்டர் திட்டமாட்டார்.”

“கல்லாவில் இரண்டு ரூபாய் குறைந்தால் பையனை விடுவாயா?”

“அது வேறு கணக்கு.”

அவர் அதற்குள் 152 என்று எழுதிவிட்டிருந்தார்.